டன்லப் தெருவில் அன்புக்கு டியூஷன்

வேலாயுதத்துக்கு அன்பில் பத்துக்கு இரண்டு மதிப்பெண் கிடைத்தது. கட்டுப்பாட்டில் ஒன்பதரை.

பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடத்தில்கூட மனிதர் இவ்வளவு கீழே போனதில்லை. சிங்கப்பூரின் பிடோக் வட்டாரத்து அடுக்குமாடிகளின் லிஃப்டுகளைப் பராமரிக்கும் குழுவுக்கு அவர் மேற்பார்வையாளர். நடுவழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் யாராவது மாட்டிக்கொண்டு அலறினால், கதவுக்கு வெளியே நின்றபடி தேனாகப் பேசி அவர்களை அமைதிப்படுத்துவார். அப்படிப்பட்டவருக்கு அன்பில் இரண்டு என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்?

அவரும் மனைவி பாக்கியலட்சுமியும் பிரிந்து ஓராண்டு ஆகியிருந்தது. பத்து வயது மகள் வைஷாலி தாயோடு தெம்பனிஸில் இருந்தாள். ஞாயிறு பகலில் மட்டும் அவளை வேலாயுதம் அழைத்துப் போகலாம், விளக்கு வைக்கும் நேரத்துக்குள் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிட வேண்டும். சனிக்கிழமையே வந்து தன் வீட்டில் தங்கட்டும் என்பது அவருடைய ஆசை. தங்க வேண்டாம் என்பது பாக்கியலட்சுமியின் பிடிவாதம். கோர்ட்டில் நின்று கத்திக்கொள்வதைவிட ‘இல்லறப் பூங்கா’ என்ற குடும்ப மையம் என்ன சொல்கிறதோ அதைக் கேட்டுக்கொள்வோம் என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள். கல்யாணத்துக்குப் பிறகு அவர்கள் ஒப்புக்கொண்ட இரண்டாவது விஷயம் அதுதான்.

மையம் இருவருக்கும் தனித்தனியாகப் பெற்றோர் மதிப்பீட்டுத் தேர்வு வைத்தது. அதன் ஆலோசகர் அனுப்ரியா முடிவைச் சொல்லும்போது கொஞ்சம் நெளிந்தாள்.

“சார், இதுல நாலு வகைப் பெற்றோர் இருக்காங்க. அன்பும் இருக்கு, கட்டுப்பாடும் இருக்குன்னா வழிகாட்டும் பெற்றோர். அன்பு மட்டும்னா விட்டுக்கொடுக்கும் பெற்றோர். ரெண்டும் இல்லன்னா கண்டுக்காத பெற்றோர்.”

“நான்?”

“நீங்க மிச்சம் இருக்கற வகை. அதிகாரப் பெற்றோர்.”

வேலாயுதம் தன் விடைகளைத் திரும்பிப் பார்த்தார். ‘என் பிள்ளையை வாய்விட்டுப் பாராட்டுகிறேன்’ என்ற கேள்விக்கு ‘ஒருபோதும் இல்லை’ என்று போட்டிருந்தார். பெற்றவனே பிள்ளையை நேரில் புகழ்ந்தால் கண்பட்டுவிடும் என்பது அவர் வீட்டு வழக்கம். வைஷாலி பரீட்சையில் முதலாவதாக வந்தபோது, ‘சரி, கை கழுவிட்டு வந்து சாப்பிடு’ என்றார். பிறகு சமையலறைக்குள் போய் யாருக்கும் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பற்றிக் கேள்வி எதுவும் இல்லை. மீன் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு அவள் தட்டில் வைப்பதைப் பற்றியும் இல்லை. ‘விதிகளின் காரணங்களைப் பிள்ளைக்கு விளக்குகிறேன்’ என்று ஒரு கேள்வி இருந்தது. ரோட்டுல ஓடாதே என்பதற்கு என்ன காரணம் சொல்வது, கார் இடிக்கும் என்றா? அது ரோட்டுக்கே தெரியும்.

“இந்தக் கேள்விங்கள யாரும்மா எழுதுனது?”

“வெளிநாட்டுல எழுதுனது சார். தமிழ்ல நாங்க மொழிபெயர்த்தோம். அவ்வளவுதான். நம்ம ஊர் அப்பா அம்மாகிட்ட இதே கேள்வி இதே பொருளத் தருதான்னு யாரும் சோதிச்சுப் பார்க்கல. நான் டைரக்டர்கிட்ட சொல்லிட்டே இருக்கேன்.” அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “ஆனா மறுதேர்வு இருக்கு. அப்புறம் நீங்களும் வைஷாலியும் சேர்ந்து பேசறத நாங்க பார்ப்போம். அதையும் வச்சுத்தான் முடிவு.”

மற்றதெல்லாம் வேலாயுதத்தின் காதில் ஏறவில்லை. மறுதேர்வு என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்தது. சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவனிடம் மறுதேர்வு என்று சொன்னால் அவன் என்ன செய்வான்? டியூஷன் தேடுவான்.

தேடி அலைய வேண்டிய அவசியமும் வரவில்லை. மறுநாள் அவர் பழுதுபார்த்த லிஃப்டுக்குள்ளேயே, ஒட்டக்கூடாத இடத்தில், ஒரு விளம்பரம் ஒட்டியிருந்தது. ‘பெற்றோர் மதிப்பீட்டுத் தேர்வா? அதிகாரத்திலிருந்து வழிகாட்டலுக்கு நான்கே வாரங்களில்! பழைய வினாக்களுடன் பயிற்சி. சரஸ்வதி டீச்சர், டன்லப் தெரு.’ அனுமதியில்லாத விளம்பரங்களைக் கிழித்தெறிவது அவர் வேலையில் ஒரு பகுதி. இதை மட்டும் பக்குவமாக உரித்தெடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

டன்லப் தெருவில் ஒரு துணிக்கடையின் மாடியில் வகுப்பு நடந்தது. முப்பது வருடமாக இரண்டு தலைமுறைப் பிள்ளைகளைக் கணக்கில் தேற்றிவிட்டவர் சரஸ்வதி டீச்சர். பிள்ளைகள் இணையத்தில் படிக்கப் போய்விட்டதால் இப்போது அவர்களைப் பெற்றவர்களைப் பிடித்துக்கொண்டார். கையில் மர ஸ்கேல். சுவரில் ‘அன்பே வழி’ என்று எழுதியிருந்தது.

அன்பே வழிக்குக் கீழே முதல் பெஞ்சில் பாக்கியலட்சுமி உட்கார்ந்திருந்தாள்.

இருவருக்கும் திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி ஆகிவிட்டது. கத்தவும் முடியவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை.

“நீ எதுக்கு இங்க?” என்றார் வேலாயுதம் மெதுவாக.

“பிரெண்டப் பார்க்க வந்தேன்.”

“அன்புல எவ்வளவு?”

பாக்கியலட்சுமி ஜன்னலைப் பார்த்தாள். “ஒன்றரை.”

வேலாயுதத்துக்கு ஓராண்டுக்குப் பிறகு முதன்முதலாக மனைவி மேல் ஒரு வாஞ்சை வந்தது. அரை மதிப்பெண் முன்னிலையில் இருப்பவனுக்கு வரக்கூடிய வாஞ்சைதான்.

“பேச்சு என்ன அங்க?” சரஸ்வதி டீச்சரின் ஸ்கேல் மேசையில் இறங்கியது. “மிஸ்டர் வேலாயுதம், எழுந்திருங்க. பிள்ளை பால் கிளாஸைத் தட்டி விட்டுடுச்சு. என்ன சொல்வீங்க?”

“கண்ணு தெரியலையான்னு கேப்பேன்.”

“தப்பு. பாக்கியலட்சுமி?”

“நீ இப்போது எப்படி உணர்கிறாய் என்று கேட்பேன், டீச்சர்.”

“சரி. மிஸ்டர் வேலாயுதம், அத பத்து தடவை எழுதிட்டு வாங்க. பிள்ளையோட குரலுக்கு மதிப்புக் குடுக்கணும். குறுக்க பேசாதீங்க, நான் சொல்றத மட்டும் கேளுங்க. பிள்ளைய பயமுறுத்தவே கூடாது. புரிஞ்சுதா, இல்ல வெளிய நிக்கிறீங்களா?”

நாற்பது வயது, ஐம்பது வயது ஆட்கள் எல்லாரும் புரிந்தது டீச்சர் என்று ஒரே குரலில் சொன்னார்கள். அடியாத மாடு படியாது என்று சொல்லி வளர்க்கப்பட்ட கூட்டம் அது. அடிக்கக்கூடாது என்பதைக் கற்றுக்கொள்ளவும் அதற்கு ஒரு ஸ்கேல் தேவைப்பட்டது.

வேலாயுதம் உழைத்தார். லிஃப்ட் மோட்டார் அறையில், எண்ணெய்க் கையோடு, ‘உன் உணர்வு எனக்கு முக்கியம்’ என்று உருப்போட்டார். உதவிக்கு வந்த ஊழியர் ஜாஃபர் தன்னிடம்தான் சொல்கிறார் என்று நினைத்து, நன்றி பாஸ் என்றார். கேள்விகளில் சில தலைகீழானவை என்று டீச்சர் எச்சரித்திருந்தார். அன்பு இல்லாததைச் சொல்லும் வாக்கியத்துக்கு ‘ஒருபோதும் இல்லை’ போட்டால்தான் அன்புக்கு மதிப்பெண் ஏறும். கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் ஒரே விடை போடுகிறவர்களைப் பிடிக்க அப்படி வைப்பார்களாம். இவ்வளவு சூழ்ச்சி லிஃப்டில்கூடக் கிடையாது என்று வேலாயுதம் வியந்தார்.

மறுதேர்வன்று இருவரும் தனித்தனி அறைகளில் கணினி முன்னால் உட்கார்ந்து விடை தந்தார்கள். வெளியே வந்த வேலாயுதத்தின் முகத்தில் பொங்கல் களை. அடுத்தது வைஷாலியோடு பேச்சு. ஒரு சின்ன அறை, இரண்டு நாற்காலி, ஒரு சுவர் முழுக்க, அந்தப் பக்கத்திலிருந்து மட்டும் பார்க்க முடிகிற கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அனுப்ரியா, பாக்கியலட்சுமி, மையத்தின் இயக்குநர் ஜெரார்ட் மூவரும் இருந்தார்கள். அது வைஷாலிக்கும் தெரியும், மறைக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையை எப்படிக் கழிப்பது என்று அப்பாவும் மகளும் பேசி முடிவு செய்ய வேண்டும். வேலை அவ்வளவுதான்.

வைஷாலி உள்ளே வந்து உட்கார்ந்தாள். ஒரு ஷூவின் கயிறு அவிழ்ந்து தரையில் இழுபட்டது. கயிற்றைக் கட்டு, விழுந்து பல்லை உடைச்சுக்காதே என்று வேலாயுதத்தின் தொண்டை வரை வந்துவிட்டது. விழுங்கினார்.

“வைஷாலி, உன்னைப் பார்த்ததில் எனக்கு மிகவும் மகிழ்ச்சி.”

வைஷாலி திரும்பிப் பார்த்தாள். தனக்குப் பின்னால் வேறு யாரும் இல்லை.

“அப்பா, ஏன் நியூஸ் வாசிக்கற மாதிரி பேசறீங்க?”

“உன் கேள்வியை நான் மதிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை என்ன செய்யலாம்? உன் கருத்து எனக்கு முக்கியம்.”

அவள் ஆழம் பார்க்க ஒரு காலை விட்டாள். “தமிழ் கிளாஸ் ஹோம்வொர்க் செய்யாம நாள் பூரா ஃபோன் பார்க்கலாமா?”

“அது உன் தேர்வு.”

“லன்ச்சுக்கு ஐஸ்கிரீம் மட்டும்?”

“உன் விருப்பத்தைத் தெளிவாகச் சொன்னதற்குப் பாராட்டுகள்.”

வைஷாலியின் முகத்தில் சந்தோஷத்தைக் காணோம். நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். “நான் ஸ்கூலுக்குப் போக மாட்டேன். இனிமே எப்பவுமே.”

“அதைப் பற்றி நீ எப்படி உணர்கிறாய்?”

“அப்பா, நான் தனியா பஸ் ஏறி ஜோகூர் போயிட்டு, ராத்திரி வரட்டா?”

வேலாயுதத்தின் நெற்றியில் வேர்வை துளிர்த்தது. ஜோகூர் மலேசியாவில் இருக்கிறது. டீச்சர் தந்த ஒன்பது வாக்கியங்களில் இல்லை. கண்ணாடியைப் பார்த்தார். அதில் அவரேதான் தெரிந்தார், பேய் அறைந்த முகத்தோடு. “உன்... உன் சுதந்திர உணர்வு...”

வைஷாலியின் உதடு துடித்தது. “அப்பா, நான் உங்களுக்கு வேணாமா?”

“என்னம்மா?”

“அம்மாவும் ரெண்டு வாரமா இப்படித்தான் பேசறாங்க. நான் எது கேட்டாலும் சரிங்கறாங்க. ஐ லவ் யூ சொன்னாங்க. அம்மாவுக்கு ஏதோ வியாதின்னு நெனச்சேன். இப்ப நீங்களும் ஆரம்பிச்சுட்டீங்க. ரெண்டு பேரும் என்னை விட்டுட்டுப் போகப் போறீங்களா? நான் தொலைஞ்சா தேட மாட்டீங்களா?”

அவள் அழுதாள். நான்கு வாரம் கட்டிய அணை ஒரே நொடியில் உடைந்தது.

“ஜோகூரா? பாஸ்போர்ட் யாரு குடுப்பா ஒனக்கு? ப்ளாக்குக்குக் கீழ கடைக்கே ஒன்னத் தனியா விட்டதில்ல, இவ பாலம் தாண்டிப் போவாளாம். வாயக் கழுவு. மொதல்ல அந்த ஷூ கயித்தக் கட்டு, எத்தன தடவ சொல்றது. ஸ்கூல் போகமாட்டியா? தூக்கிட்டுப் போய் விடுவேன், யூனிஃபார்மோட.”

அறைக் கதவு படாரென்று திறந்தது. பாக்கியலட்சுமி உள்ளே பாய்ந்தாள். “லன்ச்சுக்கு ஐஸ்கிரீமா? ஏற்கெனவே சளி. போன வாரம்தான் மருந்து வாங்கிக் குடுத்தேன்.”

“சளின்னு எங்கிட்ட சொல்லவே இல்லையே நீ.”

“நீங்க எங்க கேட்டீங்க?”

இரண்டு பேரும் மாறி மாறித் திட்டினார்கள். தாய் விட்ட இடத்தில் தகப்பன் எடுத்தார். வேலாயுதம் திட்டிக்கொண்டே மண்டியிட்டு ஷூ கயிற்றை இரட்டை முடிச்சாகக் கட்டினார். பாக்கியலட்சுமி திட்டிக்கொண்டே கைக்குட்டையால் மகளின் மூக்கைத் துடைத்தாள். வைஷாலியின் அழுகை நின்று, தோள்கள் தளர்ந்து, உடம்பு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தது. வீட்டுக்கு வந்து சேர்ந்த பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

கயிறு கட்டி முடித்த பிறகுதான் வேலாயுதத்துக்கு உறைத்தது. கண்ணாடி. எல்லாம் போச்சு. சனிக்கிழமையும் போச்சு, கிடைத்திருந்த ஞாயிறும் போச்சு.

அனுப்ரியா உள்ளே வந்தாள். அவளை இடித்துத் தள்ளாத குறையாக ஜெரார்ட்டும் வந்தார். நல்ல மனிதர்தான், ஒவ்வொரு கருத்தரங்கிலிருந்தும் ஒரு புதுக் கொள்கையோடு திரும்பி வருவார்.

“அனு, பார்த்தியா? அன்பா பேசினா பிள்ளை அழுவுது, திட்டினா அழுகை நிக்குது. இது பெரிய ஃபைண்டிங் லா. தமிழ்ப் பிள்ளைகளுக்கு அதட்டல்தான் அன்பு. போஸ்டர் போடணும். சுவா சூ காங் கிளைக்கும் அனுப்பணும். அடுத்த மாசத்துலேருந்து திட்டறதுக்கு வர்க்‌ஷாப்.”

வேலாயுதத்துக்கு உயிர் வந்தது. அந்த வர்க்‌ஷாப்பில் அவரே பாடம் எடுக்கலாம்.

“சார், கொஞ்சம் இருங்க,” என்றாள் அனுப்ரியா. “நேத்து வரைக்கும் யாரோ ஒரு ஊர்ல கண்ட முடிவ எல்லாத் தமிழங்க மேலயும் ஒட்டினோம். இன்னிக்கு ஒரு பிள்ளைகிட்ட கண்டத எல்லாத் தமிழங்க மேலயும் ஒட்டப் போறோமா? இந்தப் பிள்ளை அழுதது அன்புனால இல்ல. பழகின அப்பா அம்மா திடீர்னு மாறிட்டாங்க, அந்தப் பயம். சுவா சூ காங்ல ஒரு பிள்ளை அதட்டலுக்குப் பயந்து கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சிருக்கலாம். அதுவும் தமிழ்ப் பிள்ளைதான்.”

“ஆனா ஆய்வுல...” என்றார் ஜெரார்ட்.

“ஆய்வு சராசரியத்தான் சொல்லுது. கண்டிப்பு எல்லா ஊர்லயும் ஒரே விளைவத் தரல. அத அக்கறையா பிள்ளை எடுத்துக்குதா, வெறுப்பா எடுத்துக்குதாங்கறது எடத்துக்கு எடம், வீட்டுக்கு வீடு மாறுது. அதுக்காக அடிச்சாலும் அவமானப்படுத்தினாலும் பரவாயில்லன்னு எந்த ஊர் ஆய்வும் சொல்லல. இன்னொண்ணு, அப்பா அதட்டறதால பிள்ளை அடம் பிடிக்குதா, பிள்ளை அடம் பிடிக்கறதால அப்பா அதட்டறாரா? ஒரு தடவ எடுத்த மார்க்க வச்சு அதச் சொல்லவே முடியாது.”

“சரி, மறுதேர்வு மார்க் என்ன?” என்றார் ஜெரார்ட், கொஞ்சம் சுருதி இறங்கி.

“ரெண்டு பேரும் அன்புல பத்துக்குப் பத்து.”

வேலாயுதமும் பாக்கியலட்சுமியும் தங்களை அறியாமல் நிமிர்ந்தார்கள்.

“என் பிள்ளை மேல ஒரு தடவகூட எரிச்சல் பட்டதே இல்லன்னு ஒரு கேள்வி. அப்படி ஒரு மனுஷன் உலகத்துல கிடையாது. நல்ல பேருக்காகப் பொய் சொல்றாங்களான்னு பார்க்கத்தான் அது. ரெண்டு பேரும் முழு மனசோட ஆமாம் போட்டிருக்கீங்க. மத்த விடையெல்லாம்கூட ஒரு புள்ளி மாறாம ஒண்ணா இருக்கு, தப்பு விட்ட எடம் உட்பட.” அனுப்ரியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இந்த மாசத்துல இதே டியூஷன் விடையோட வந்த ஏழாவது வீடு நீங்க. இந்தத் தாளை நான் கணக்குல எடுக்கப் போறதில்ல. மொதல் தாளையும்தான். வைஷாலிகிட்டதான் கேக்கப் போறேன்.”

அவள் குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். “அப்பா திட்டறது உனக்குப் பிடிக்குதாம்மா?”

“பிடிக்காது,” என்றாள் வைஷாலி உடனே. ஜெரார்ட்டின் போஸ்டர் அங்கேயே செத்தது. “ஆனா ஷூ கயிறுக்குத் திட்டினா ஓகே. விழுந்துடுவேன்னுதான திட்டறாங்க.”

“எது ஓகே இல்ல?”

வைஷாலி தன் ஷூவைப் பார்த்தாள். இரட்டை முடிச்சு. “பரீட்சை முடிஞ்சப்புறம் வந்த ஞாயித்துக்கிழமை, எங்க ப்ளாக் லிஃப்ட்ல. என் பிரெண்ட்ஸ் எல்லாரும் இருந்தாங்க. நான் பட்டனை மாத்தி அமுக்கிட்டேன். மண்டையில மூளை இருக்கா, களிமண்ணான்னு அப்பா கேட்டாங்க. எல்லாரும் சிரிச்சாங்க.”

“அப்புறம்?”

“அப்புறம் நான் லிஃப்ட்ல போறதில்ல. படியிலதான் போறேன்.”

தாயும் மகளும் இருந்த வீடு பதினோராவது மாடியில் இருந்தது. மகள் உடற்பயிற்சிக்காகப் படி ஏறுகிறாள் என்று பாக்கியலட்சுமி தன் தங்கையிடம் பெருமையாகச் சொல்லியிருந்தாள்.

வேலாயுதம் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஊர்பேர் தெரியாதவர்களுக்காகவெல்லாம் இரவும் பகலும் லிஃப்டைச் சரிசெய்து வைத்த மனிதர். பெற்ற மகளை அதில் ஏறவிடாமல் செய்தது அவர் வாய்தான். அதைக் கேட்ட ஒரு கேள்வியும் அந்தத் தேர்வில் இல்லை, இருந்திருந்தாலும் அவர் ‘ஒருபோதும் இல்லை’ என்றுதான் போட்டிருப்பார். அவருக்கு அது ஞாபகமே இல்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

மன்னிப்புக் கேட்பதற்கென்று டீச்சர் ஒரு தனி வாக்கியம் கொடுத்திருந்தார். அது வாய்க்கு வரவில்லை.

“நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது,” என்றார். “ஒன் பிரெண்ட்ஸ் முன்னால கேட்டிருக்கவே கூடாது. யாரும் இல்லாதப்பவும் கேட்டிருக்கக் கூடாது. களிமண்ணு எனக்குத்தான்.”

வைஷாலி அவரைச் சந்தேகத்தோடு பார்த்தாள். “இதுவும் டியூஷனா?”

“இல்ல.”

“சத்தியமா?”

“டியூஷன்னா இன்னும் நல்லாச் சொல்லியிருப்பேன்.”

அவள் யோசித்தாள். அந்த அறையில் இருந்த நான்கு பெரியவர்களும் மூச்சுவிடாமல் காத்திருந்தார்கள். ஜெரார்ட்கூட எதையும் கண்டுபிடிக்கவில்லை.

“சனிக்கிழமை வரேன்,” என்றாள் வைஷாலி. “தங்கறேன். ஆனா ஒம்பது மணிக்குப் படுக்க மாட்டேன்.”

வேலாயுதம் பாக்கியலட்சுமியைப் பார்த்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மெல்லத் தலையசைத்தாள். அனுப்ரியா அதையே முடிவாகக் குறித்துக்கொண்டு எழுந்து வழிவிட்டாள்.

“ஒம்பதரை,” என்றார் வேலாயுதம். “காலையில ஒனக்குத் தமிழ் கிளாஸ் இருக்கு, தூக்கம் பத்தாது.”

“பத்து.”

“ஒம்பதே முக்கால். அதுக்கு மேல பேசக்கூடாது.”

வைஷாலி சரியென்று எழுந்தாள். மூவரும் வெளியே வந்தார்கள். தாழ்வாரத்தின் கோடியில் லிஃப்ட் திறந்துதான் இருந்தது. வைஷாலி அதைக் கடந்து படிக்கட்டுப் பக்கம் நடந்தாள்.

‘ஏறு, வா’ என்று மகளைக் கூப்பிட வேலாயுதம் வாயெடுத்தார். கூப்பிடவில்லை. லிஃப்டை விட்டுவிட்டு, அவள் பின்னாலேயே படியிறங்கினார்.